வாடகைக் கடையில் தீ மூண்டால்

கடை வீதியிலே இரவு பதினொரு மணிக்குத் தீப்பற்றுகிறது. விடியுமுன் கூரை விழுந்துவிடுகிறது. காலையில் இருவர் அந்தச் சாம்பலின் முன் நிற்கின்றனர். ஒருவர் கட்டடத்தின் சொந்தக்காரர். மற்றவர் அதனை வாடகைக்கு எடுத்து வியாபாரம் நடத்தியவர். இருவரிடமும் காப்புறுதிப் பத்திரம் உண்டு. ஆதலால் இருவரும் ஓரளவு ஆறுதல் அடைகின்றனர். சொந்தக்காரரின் ஆறுதல் பெரும்பாலும் நியாயமானது. வாடகைக்காரரின் ஆறுதலோ பல வேளைகளில் ஆதாரமற்றது. அவருடைய பொருள்களுக்குப் பணம் கிடைத்த பின்னரும், பிறருடைய கட்டடத்துக்காக அவர் தம் கைப்பணத்தைக் கொடுக்க வேண்டி நேரலாம். அது எவ்வாறு நேர்கின்றது, எவ்வாறு அதனைத் தவிர்க்கலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் சட்டத்தை நோக்குவோம். இந்நாட்டிலே கடையொன்றை வாடகைக்கு எடுப்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையேயுள்ள உறவை ஆள்வது, அடிப்படையில், ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ரோமன் டச்சுச் சட்டமாகும். ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிவுற்றது. ஆயினும், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் ஆங்கிலேயர் அச்சட்டத்தைத் தொடர்ந்து நிலவ விட்டனர். வடபகுதித் தமிழரின் தேசவழமையும், தான் விதி வகுக்காத இடங்களில், இச்சட்டத்துக்கே இடம் கொடுக்கின்றது.

இச்சட்டத்தின்படி வாடகைக்காரருக்குரிய கடமைகளுள் ஒன்று, தவணை முடிந்ததும் தாம் பெற்ற நிலையிலேயே கட்டடத்தைத் திருப்பிக் கொடுப்பதாகும். நாளாந்தப் பாவனையால் இயல்பாக உண்டாகும் தேய்வுக்கு அவர் பொறுப்பல்லர். மழையாலும் இடியாலும் வரும் சேதத்துக்கும் அவர் பொறுப்பல்லர். ஆனால் தம்முடைய கவனயீனத்தால், அல்லது தம் வேலையாட்களின் கவனயீனத்தால் உண்டாகும் சேதத்துக்கு அவர் பொறுப்பாளியே.

இதுவரை கேட்டவர்கள், "அப்படியானால் கவனயீனம் இருந்ததெனக் கட்டடச் சொந்தக்காரர் நிரூபிக்கட்டுமே" என்று எண்ணக்கூடும். இங்கேதான் பலர் இடறி விழுகின்றனர். கட்டடம் நல்ல நிலையில் கொடுக்கப்பட்டது, எரிந்த நிலையில் திரும்பி வந்தது என்ற இரண்டையும் சொந்தக்காரர் காட்டினாற் போதும். அதன்பின் தம் பக்கத்திலே தவறு இல்லையெனக் காட்டும் சுமை வாடகைக்காரர் மீது விழுகின்றது. காரணம் எளிது. கட்டடம் அவருடைய கையில் இருந்தது. திறப்பும் அவருடைய இடுப்பில் இருந்தது. உள்ளே நடந்ததை அறியக்கூடியவரும் அவரே. கடன் வாங்கிய குடையை உடைத்துக் கொடுப்பவன், அது எப்படி உடைந்தது என்று தானே சொல்ல வேண்டும் அல்லவா?

பக்கத்துக் கடைக்காரரின் நிலை இதனின் வேறானது. தீ பரவி அவருடைய கடையும் எரிந்தால், அவருக்கும் நம் வாடகைக்காரருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை. எனவே கவனயீனத்தை அவரே நிரூபித்தாக வேண்டும். ஒரே தீ, ஆனால் ஒருவரிடத்தே நிரூபிக்கும் சுமை வாடகைக்காரருக்கு, மற்றவரிடத்தே வழக்காளிக்கு.

இந்த வேறுபாட்டின் பாரத்தை உணர ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இது கற்பனையே; எனினும் கடை வீதிகளில் நடக்கக்கூடியது. ஒரு நகரத்திலே ஒருவர் புடைவைக் கடை நடத்துகிறார். கட்டடம் வேறொருவருக்குச் சொந்தம். நொத்தாரிசு முன் எழுதப்பட்ட குத்தகை உறுதி உண்டு. கட்டடத்தை மீண்டும் கட்டுவதாயின் 160 இலட்சம் ரூபா வேண்டும். சொந்தக்காரர் பல ஆண்டுகளுக்கு முன் அதனை 120 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தார். அத்தொகையைப் பின்னர் உயர்த்தவில்லை. வாடகைக்காரர் தம் புடைவைகளையும் அலுமாரிகளையும் 30 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறார். தீயினால் கட்டடத்துக்கு 60 இலட்சம் சேதம். புடைவைகளும் அலுமாரிகளும் முற்றாக அழிந்தன. அவற்றின் பெறுமதி 30 இலட்சம்.

தீ எங்கே மூண்டது? மூன்று விதமாக எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது: கடைக்காரர் குளிர்பானப் பெட்டி ஒன்றை வாங்கி, நீட்டு வயர் ஒன்றின் மூலம், மின்விசிறி ஓடும் அதே செருகியிலே இணைத்திருந்தார். வயர் மெல்லியது. அதன்மீது புடைவைக் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. வயர் சூடேறி, உறை உருகி, தீப்பற்றியது. இங்கே தவறு வாடகைக்காரருடையதே.

இரண்டாவது: தீ மூண்டது சுவரிலே பதிந்திருந்த பழைய பிரதான மின்பலகையில். அது கட்டடத்தோடு வந்தது. அதிலே பொறி பறக்கிறது என்று இரண்டு மாதங்களுக்கு முன் வாடகைக்காரர் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதினார், பதில் இல்லை. கட்டடத்தைப் பாவனைக்கேற்ற நிலையில் வைத்திருப்பது, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, சொந்தக்காரரின் கடமை. எனவே அந்தக் கடிதத்தின் பிரதி வாடகைக்காரரின் கையில் இருக்குமாயின் அவர் தப்பிவிடலாம். வாய்ச்சொல்லாக முறையிட்டிருந்தால், அதனை மெய்ப்பிப்பது கடினமாகும்.

மூன்றாவது: தீ எங்கே மூண்டது என்று எவருக்கும் தெரியாது. தெளிவான தடயம் எதுவும் எஞ்சவில்லை. இத்தகைய நிலையும் நேர்வது உண்டு. முன்னர் கூறிய நிரூபிக்கும் சுமை தீர்ப்பை நிர்ணயிப்பது இங்கேதான். காரணம் தெரியாதபோது, காரணத்தைக் காட்ட வேண்டியவர் தோற்கிறார். சொந்தக்காரரைப் பொறுத்தமட்டில் அவர் வாடகைக்காரர்.

ஆதலால் தீ அணைந்ததும் வாடகைக்காரர் முதலிற் செய்ய வேண்டியது, இடத்தைத் துப்புரவு செய்வதன்று; அப்படியே விட்டு வைப்பதாகும். பொலிஸில் முறைப்பாடு பதிய வேண்டும். தீயணைப்புப் படை வந்திருந்தால் அதன் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் அல்லது தகுதியுள்ள மின்பொறியியலாளர் வந்து பார்க்கும்வரை உருகிய வயர்களையும் மின்பலகையையும் எவரும் தொடாதிருத்தல் வேண்டும். செப்புக் கம்பியின் நுனியிலே மணிபோல் உருண்ட உருகல் இருக்கின்றதா, சுவரிலே கரி எவ்விடத்தில் ஆழமாகவும் தாழ்வாகவும் படிந்திருக்கின்றது, அங்கிருந்து மேல்நோக்கி விரிந்து செல்கின்றதா என்பவற்றை ஆராய்ந்தே மூண்ட இடத்தை அவர்கள் அனுமானிப்பர். செப்பிலே உருண்ட மணி இருப்பதுமட்டும் போதாது. மின்சாரக் கோளாறு தீயை மூட்டியிருக்கலாம். அல்லது தீ வந்து வயரைச் சுட்டதால் அக்கோளாறு பின்னர் உண்டாகியிருக்கலாம். ஆகவே ஏனைய தடயங்களையும் சேர்த்தே பார்ப்பர். குப்பையை அள்ளி எறிந்துவிட்டால், அவர் தம் சாட்சியத்தையே அள்ளி எறிந்தவர் ஆவார்.

இனிக் காப்புறுதிக்கு வருவோம். இங்கே ஒரு விந்தை உண்டு. குத்தகைக்குச் சட்டம் ஒல்லாந்தருடையது; தீக் காப்புறுதிக்கோ சட்டம் ஆங்கிலேயருடையது. உள்ளூர்ச் சட்டம் வேறு விதமாக வகுக்காவிட்டால், தீக் காப்புறுதி பற்றிய கேள்விகளில் இங்கிலாந்தின் சட்டமே பின்பற்றப்பட வேண்டும் என்று 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளை கூறுகின்றது. எனவே எரிந்த ஒரே கடையைப் பற்றிய கேள்வியின் ஒரு பாதிக்கு ஒரு சட்டமும் மறுபாதிக்கு மற்றொரு சட்டமும் விடை கூறும்.

சொந்தக்காரரின் காப்புறுதி முதலில் என்ன செய்கின்றது? சேதம் 60 இலட்சம். ஆனால் கட்டடத்தின் உண்மையான பெறுமதி 160 இலட்சமாயிருக்க, அவர் காப்புறுதி செய்தது 120 இலட்சத்துக்கு. அதாவது நான்கில் மூன்று பங்குக்கு. பத்திரத்திலே சராசரி நிபந்தனை என்று ஒன்று இருக்கும். குறைவாகக் காப்புறுதி செய்தவர், தாம் செய்யாத பங்குக்குத் தாமே காப்புறுதியாளர் எனக் கொள்ளப்படுவார் என்பதே அதன் பொருள். ஆகவே கம்பனி நான்கில் மூன்று பங்கான 45 இலட்சத்தையே கொடுக்கும். மீதி 15 இலட்சம் சொந்தக்காரரின் தலையில் விழும். சேதம் பகுதியளவிலே நின்றபோதும் தொகை குறைவதைக் கண்டு பலர் வியப்படைவதுண்டு, காரணம் இதுவே.

வாடகைக்காரரின் கவனயீனத்தால் தீ மூண்டது என்பதற்காகச் சொந்தக்காரருக்கு இப்பணம் மறுக்கப்படமாட்டாது. அதுபோலவே வாடகைக்காரரும் தம் கவனயீனத்துக்கு அப்பாலும் தம் புடைவைக்குரிய 30 இலட்சத்தைப் பெறலாம். கவனயீனத்தால் வரும் தீக்காகவே காப்புறுதி பெரிதும் இருக்கின்றது. வேண்டுமென்றே தீ வைத்தவருக்கு மட்டும் எதுவும் கிடையாது. எண்ணெய், எரிவாயு போன்ற ஆபத்தான பொருள்களைக் கடையில் வைத்திருந்ததை மறைத்தவருக்கும் சிக்கல் வரும்.

இப்போது வாடகைக்காரர் தம் பங்கு முடிந்தது என்று எண்ணுகிறார். சில மாதங்கள் கழித்து, தாம் ஒருபோதும் கேள்விப்படாத காப்புறுதிக் கம்பனி ஒன்றின் சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வருகின்றது. 45 இலட்சம் ரூபாவைத் திருப்பித் தருமாறு அது கேட்கின்றது. "நான் உங்களோடு ஒப்பந்தம் செய்யவில்லையே!" என்று அவர் திகைக்கிறார். ஆனால் ஆங்கிலச் சட்டத்திலே பழைய விதி ஒன்று உண்டு. காப்புறுதி நட்டத்தை ஈடு செய்வதற்கே அன்றி இலாபம் தருவதற்கன்று. நட்டஈட்டைக் கொடுத்த கம்பனி, காப்புறுதி செய்தவரின் காலணியிலே தன் காலை நுழைத்து, அவருக்கு இருந்த உரிமையைக் கொண்டு தவறு செய்தவரிடம் கேட்கலாம். சட்டத்தரணிகள் இதனைச் சப்ரொகேஷன் என்பர். சொந்தக்காரரும் தம் 15 இலட்சத்தைத் தனியே கேட்பார். ஆக, மொத்தம் 60 இலட்சமும் வாடகைக்காரரிடமே வந்து சேர்கின்றது. சொந்தக்காரரின் காப்புறுதி சொந்தக்காரரைக் காத்தது, வாடகைக்காரரைக் காக்கவில்லை.

இக்கடிதம் உடனே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எழுத்து மூலமான ஒப்பந்தத்தை மீறியமைக்காக ஆறு ஆண்டுகள் வரை வழக்குத் தொடரலாம் என்று 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. எனவே தீ பற்றிய அறிக்கைகளையும் கடிதப் பிரதிகளையும் புகைப்படங்களையும் அத்தனை காலமும் பேணுதல் வேண்டும்.

வாடகைக்காரரின் 30 இலட்சப் பத்திரம் இங்கே உதவாதா? உதவாது. அது பொருள்களுக்கான காப்புறுதி. புடைவையும் அலுமாரியும் எரிந்தால் விலை தரும். பிறருக்குச் செலுத்த வேண்டிய கடனைத் தராது. சிலரிடம் பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் இருக்கும். வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தாலோ பிறர் பொருள் சேதமுற்றாலோ பதில் சொல்லும் பத்திரம் அது. அதுவாவது உதவும் என்று அவர் எடுத்துப் பார்த்தால், விலக்குகளின் பட்டியலிலே ஒரு வரி காணப்படுவது வழக்கம்: காப்புறுதி செய்தவருக்குச் சொந்தமான, அல்லது அவர் வாடகைக்கு எடுத்த, அல்லது அவருடைய பொறுப்பிலுள்ள சொத்துக்கு உண்டாகும் சேதம் இதில் அடங்காது. வேறெங்கும் நிகழும் சேதத்துக்கு அது பதில் கூறும். அவர் நாள்தோறும் திறந்து மூடும் அதே கடைக்குப் பதில் கூறாது.

இந்த இடைவெளியை மூன்று வழிகளிலே அடைக்கலாம்.

முதலாவது வழி, அப்பத்திரத்தோடு வாடகைக்காரர் பொறுப்பு என்னும் சேர்க்கையைக் கேட்டு வாங்குவதாகும். விலக்கி வைத்த வாடகைக் கட்டடத்தை அது மீண்டும் உள்ளே கொண்டு வருகின்றது. ஆனால் அதற்கும் உச்சத் தொகை உண்டு. நம் கடைக்காரர் 50 இலட்சத்துக்கு அதனை எடுத்திருந்தால் கம்பனி 50 இலட்சம் கொடுக்கும். மீதி 10 இலட்சம் அவருடைய கையிலிருந்து போகும். ஆதலால், ஒரு கடைக்குப் பெரிதாகத் தோன்றும் தொகையைப் பாராமல், கட்டடம் முழுவதையும் மீண்டும் கட்டுவதற்கான தொகையைப் பார்த்தே அந்த எல்லையை நிர்ணயிக்க வேண்டும். பிறர் கோரிக்கை வந்தவுடன், "ஆம், என் தவறே, நான் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிடலும் ஆகாது. பொறுப்பை ஒப்புக்கொள்ளலாகாது என்பது இப்பத்திரங்களிலே காணப்படும் நிபந்தனை. அனுதாபம் தெரிவிப்பது வேறு, பொறுப்பை ஏற்பது வேறு.

இரண்டாவது வழி, சொந்தக்காரரின் கட்டடக் காப்புறுதியிலே வாடகைக்காரரின் பெயரையும் சேர்ப்பது. அல்லது வாடகைக்காரர் மீது வழக்குத் தொடரும் உரிமையைக் கம்பனி கைவிடுகின்றது என்று அப்பத்திரத்தின்மேல் எழுதுவிப்பது. ஒரு கம்பனி தன்னால் காக்கப்பட்டவர் மீதே திரும்பாது என்பதே இதன் அடிப்படை. தவணைக் கட்டணத்தில் ஒரு பங்கை வாடகைக்காரர் கொடுப்பது நியாயம்.

மூன்றாவது வழி, குத்தகை உறுதியிலேயே எழுதிக்கொள்வது. சொந்தக்காரர் கட்டடத்தைக் காப்புறுதி செய்வார். அதன் கட்டணத்தை வாடகையோடு வாடகைக்காரர் செலுத்துவார். தீ நேர்ந்தால் அப்பணத்தைக் கொண்டே கட்டடம் திருத்தப்படும். இவ்வாறு எழுதியிருந்த ஒரு வழக்கிலே, வாடகைக்காரரின் கவனயீனத்தால் தீ மூண்ட போதிலும் காப்புறுதிக் கம்பனி அவரிடம் பணம் கேட்க முடியாது என்று 1985இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு அந்த உறுதியின் வாசகங்களை ஊன்றி நின்றது. எனவே கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு வாசகம் எழுதாதிருப்பவர் அதனை நம்பியிருத்தல் ஆகாது. "தீயினால் உண்டாகும் சேதத்துக்காகச் சொந்தக்காரரோ அவரது காப்புறுதிக் கம்பனியோ வாடகைக்காரரிடம் கோரிக்கை செய்யமாட்டார்" என்று நொத்தாரிசைக் கொண்டு தெளிவாக எழுதுவிப்பதே நலம். இவ்வாசகத்தைக் கம்பனிக்கு முன்னரே அறிவித்து இணக்கம் பெறச் சொந்தக்காரரும் கவனிக்க வேண்டும்; இல்லையெனில் அவருடைய கோரிக்கைக்கே இடையூறு வரலாம்.

இதற்கு நேர் எதிரான வாசகம் ஒன்றும் சில உறுதிகளிலே காணப்படுவதுண்டு. "எக்காரணத்தாலாயினும் தீயினால் உண்டாகும் சேதம் அனைத்துக்கும் வாடகைக்காரரே பொறுப்பு" என்பது அது. இதில் ஒப்பமிடுபவர், சட்டம் தம்மீது சுமத்தாத பொறுப்பையும் தாமே ஏற்றுக்கொள்கிறார். நம் உதாரணத்தின் இரண்டாவது நிலையிலே, பழைய மின்பலகையால் வந்த தீக்குங்கூட, அவரிடம் பணம் கேட்க இது இடங்கொடுக்கும். இன்னும் கேடு யாதெனில், வாடகைக்காரர் பொறுப்புச் சேர்க்கையும் இங்கே கைகொடுக்காமற் போகலாம். ஒப்பந்தத்தால் மட்டும் தாமாக ஏற்ற பொறுப்பு, ஒப்பந்தம் இல்லாவிட்டால் இருந்திராத பொறுப்பு, பொதுவாக அப்பத்திரங்களிலிருந்து விலக்கப்படுகின்றது. சட்டம் சுமத்திய பாரத்தைக் கம்பனி தூக்கும். தாமாகத் தலையில் ஏற்றிய பாரத்தைத் தாமே தூக்க வேண்டும்.

எனவே, நேயர்களே, வாடகைக் கடையில் வியாபாரம் செய்வோர் இன்றிரவே மூன்று தாள்களை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்க்கலாம். குத்தகை உறுதியிலே தீயைப் பற்றி என்ன எழுதியிருக்கின்றது? தம் பொறுப்புக் காப்புறுதியின் விலக்குகளிலே வாடகைக் கட்டடம் உண்டா, அதனை மீட்கும் சேர்க்கை உண்டா? சொந்தக்காரரின் பத்திரத்திலே தம் பெயர் இருக்கின்றதா? மூன்றாவது தாள் தம் கையில் இல்லையெனில், நாளைக் காலை சொந்தக்காரரிடம் சென்று அதன் பிரதியைக் கேட்கலாம். கேட்கப் போகும்போது, பொறி பறக்கும் மின்பலகையைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அதன் பிரதியிலே அவருடைய கையொப்பத்தை வாங்கி வருவது நன்று.